13 சதவீதம் தரும் பங்கு ஏன் விலை அதிகம்?

இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒன்று உலோகக் கம்பெனி. இன்று அதன் விலை 200 ரூபாய். ஓராண்டில் 220க்கு ஏறும், நடுவே 6 ரூபாய் டிவிடெண்ட் வரும் என்று எதிர்பார்க்கிறோம். போட்ட பணத்துக்கு 13 சதவீதம். மற்றது சோப்பு, பற்பசை விற்கும் கம்பெனி. இன்று 500 ரூபாய்; அடுத்த ஆண்டு 545, டிவிடெண்ட் 10. இது 11 சதவீதம். பெரும்பாலானவர்கள் முதல் பங்கின் பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் ரிஸ்க்கையும் சேர்த்துப் பார்த்தால், விலை கூடுதலாக இருப்பது அந்த 13 சதவீதப் பங்குதான். 11 சதவீதப் பங்கு மலிவு.

இது ஏன் என்று தெரிய முதலில் பீட்டா தெரிய வேண்டும். சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு அதோடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் பீட்டா. நிஃப்டி 10 சதவீதம் விழும்போது ஒரு பங்கு சராசரியாக 15 சதவீதம் விழுந்தால் அதன் பீட்டா 1.5; 6 சதவீதம் மட்டும் விழுந்தால் 0.6. நம் உலோகப் பங்குக்கு 1.5, சோப்புப் பங்குக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய் போர்ட்ஃபோலியோ இருக்கிறது. 4 லட்சம் வங்கிப் பங்கில், அதன் பீட்டா 1.2. 3 லட்சம் சோப்புப் பங்கில், 2 லட்சம் உலோகப் பங்கில், 1 லட்சம் லிக்விட் ஃபண்டில். லிக்விட் ஃபண்ட் சந்தையோடு அசையாது என்பதால் அதன் பீட்டாவைப் பூஜ்யம் என்றே கொள்ளலாம். இனி நிஃப்டி 10 சதவீதம் சரிந்ததாக நினைத்து, ரூபாயில் கணக்குப் போடுவோம். வங்கிப் பங்கில் 12 சதவீதம், அதாவது 48,000 ரூபாய் போகும். சோப்பில் 18,000, உலோகத்தில் 30,000. லிக்விட் ஃபண்டில் ஒன்றும் போகாது. மொத்தம் 96,000. 10 லட்சத்தில் இது 9.6 சதவீதம். ஆக, போர்ட்ஃபோலியோவின் பீட்டா 0.96. ஒவ்வொரு பீட்டாவையும் அதில் போட்டிருக்கும் பணத்தின் பங்கால் பெருக்கிக் கூட்டினாலும் இதே விடைதான் வரும். எடையிட்ட சராசரி என்பது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பலரும் சறுக்குவது எடையில். நான்கு பீட்டாக்களையும் கூட்டி நான்கால் வகுத்தால் 0.825 வரும், அது தவறு. வாங்கிய விலையை எடையாக வைப்பதும் தவறு. 1 லட்சத்துக்கு வாங்கிய உலோகப் பங்கு இன்று 2 லட்சமாக நின்றால், சரியும்போது அடி விழுவது 2 லட்சத்தின் மேல்தான். எனவே எப்போதும் இன்றைய சந்தை மதிப்பே எடை. விலைகள் நகர நகர எடைகளும் மாறும். நீங்கள் எதையும் வாங்காமல் விற்காமல் இருந்தாலும் போர்ட்ஃபோலியோவின் பீட்டா நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மொத்த ஏற்ற இறக்கத்தை இப்படிச் சராசரி எடுக்க முடியாது. வங்கியில் வாராக்கடன் கூடும் மாதத்தில் சோப்பு விற்பனை நன்றாக இருக்கலாம். அப்படித் தனித்தனிக் கம்பெனிகளின் ஆட்டங்கள் ஒன்றையொன்று தணித்துவிடும். பீட்டா அளப்பது, எத்தனை பங்குகளைச் சேர்த்தாலும் தணியாமல் மிஞ்சும் சந்தையின் ஆட்டத்தை. அதனால்தான் அது நேராகக் கூட்டலுக்கு வருகிறது. பங்குகளைச் சேர்த்தே ஒழித்துவிடக்கூடிய ரிஸ்க்குக்குச் சந்தை கூலி தராது, மிஞ்சும் ரிஸ்க்குக்கே தரும் என்பது வில்லியம் ஷார்ப் 1964-இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம். 1990-இல் ஹாரி மார்கோவிட்ஸ், மெர்டன் மில்லர் ஆகியோரோடு அவர் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தக் கூலியைச் சொல்வதுதான் செக்யூரிட்டி மார்க்கெட் லைன். ஒரு தாளில் கிடைமட்டமாகப் பீட்டாவையும் செங்குத்தாக வருமானத்தையும் குறியுங்கள். பீட்டா பூஜ்யமாக உள்ள இடத்தில் அரசுப் பத்திரத்தின் வட்டி, 7 சதவீதம் என்று வைப்போம். பீட்டா 1 உள்ள இடத்தில் மொத்தச் சந்தையிடம் எதிர்பார்க்கும் வருமானம், 12 சதவீதம். இரண்டு புள்ளிகளையும் இணைத்து நீட்டினால் அதுவே அந்தக் கோடு. ஒவ்வொரு பீட்டாவுக்கும் 5 சதவீதம் கூடுதல் கூலி கேட்கிறோம் என்று அர்த்தம்.

இப்போது உலோகப் பங்குக்கு வருவோம். பீட்டா 1.5 என்றால் கேட்க வேண்டிய வருமானம் 7-உடன் 7.5 சேர்ந்து 14.5 சதவீதம். கிடைப்பதோ 13. புள்ளி கோட்டுக்குக் கீழே விழுகிறது. நியாய விலை எவ்வளவு? ஓராண்டில் கைக்கு வரும் 226 ரூபாயை 1.145-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 197.40. சந்தை 200 கேட்கிறது. சோப்புப் பங்குக்குக் கேட்க வேண்டியது 7-உடன் 3 சேர்ந்து 10 சதவீதம்தான், கிடைப்பது 11. புள்ளி கோட்டுக்கு மேலே. 555-ஐ 1.10-ஆல் வகுத்தால் நியாய விலை சுமார் 504.50, சந்தையில் 500க்கே கிடைக்கிறது. கோட்டுக்குக் கீழே இருந்தால் விலை அதிகம், மேலே இருந்தால் விலை குறைவு. முதன்முறை பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. செங்குத்து அச்சில் இருப்பது வருமானம், விலை அல்ல. விலை இறங்கினால்தான் புள்ளி மேலே ஏறும்.

இதை நம்பி உலோகத்தை விற்று அந்த 2 லட்சத்தையும் சோப்பில் போட்டால் போர்ட்ஃபோலியோவின் பீட்டா 0.78 ஆகிறது. அதன்பின் அந்தப் போர்ட்ஃபோலியோவிடம் கேட்க வேண்டியது 11.8 அல்ல, 10.9 சதவீதம். சந்தை 20 சதவீதம் ஏறும் ஆண்டில் இது பின்தங்கினால் தேர்வு தவறு என்று முடிவுகட்டக் கூடாது.

ஆனால் இந்தத் தீர்ப்பு எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது என்று பாருங்கள். உலோகப் பங்கின் உண்மையான பீட்டா 1.2 என்றால் கேட்க வேண்டியது சரியாக 13 சதவீதம். விலையில் ஒரு குறையும் இல்லை. சோப்பின் பீட்டா 0.8 என்றால் 11 சதவீதம். அந்த மலிவும் மறைந்துவிடும். பீட்டாவைப் பழைய விலைகளிலிருந்துதான் கணிக்கிறார்கள், வழக்கமாக ஐந்தாண்டு மாதாந்தர வருமானங்களை வைத்து. ஒரு தனிப் பங்குக்கு அதில் 0.2, 0.3 பிசகுவது சாதாரணம். எதிர்பார்த்த விலையும் கணிப்புதான். 220க்குப் பதில் 223 என்று வைத்தால் உலோகப் பங்கு கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அதிகம் கைமாறாத சிறு கம்பெனிப் பங்குகளில் ஏமாற்றம் இன்னும் கூடுதல். சந்தை அசையும் நாளில் அந்தப் பங்கு விற்று வாங்கப்படாததால் பீட்டா 0.2 என்று காட்டும். அது பாதுகாப்பு அல்ல, வியாபாரம் இல்லாமை. தினசரி விலையில் ஒரு பீட்டா, மாதாந்தர விலையில் வேறு பீட்டா என்று பெரிதாக மாறினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

போர்ட்ஃபோலியோவின் பீட்டாவில் இந்தத் தொல்லை குறைவு. ஒன்றில் கூட்டிக் கணித்ததை இன்னொன்றில் குறைத்துக் கணித்தது பெருமளவு சரிக்கட்டிவிடும். ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் 1972-இல் இந்தக் கோட்டைச் சோதித்தபோது தனிப் பங்குகளை விட்டு, பீட்டா வரிசைப்படி பங்குகளைக் கூட்டங்களாகச் சேர்த்ததற்குக் காரணமும் இதுதான். நியூயார்க் சந்தையின் பல பத்தாண்டுத் தரவில் அவர்கள் கண்ட கோடு ஏறுமுகமாகத்தான் இருந்தது. ஆனால் கோட்பாடு சொன்னதைவிடச் சரிவு குறைவு. பீட்டா கூடிய பங்குகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், பீட்டா குறைந்தவை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் தந்திருந்தன.

ஆகவே நியாய விலையை ஒரே எண்ணாகக் கேட்காமல், பீட்டா 0.3 கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று இரண்டு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம். உலோகப் பங்குக்கு அந்த விடைகள் 1.8-இல் 194.80, 1.2-இல் 200. சந்தை 230 கேட்டிருந்தால் இரண்டு கணக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கும். 200க்கு அப்படிச் சொல்லவில்லை.