மன்றம் தொடங்குவது எப்படி?

வானியல் மன்றம் ஒன்று தொடங்க 30 மாணவியர் விரும்புவதாகக் கொள்வோம். முதலில் அறிவியல் ஆசிரியை ஒருவர் பொறுப்பாசிரியையாக இருக்க இசைய வேண்டும். அவரது கையொப்பத்துடன், மன்றத்தின் நோக்கம், உறுப்பினர் பெயர்கள், தலைவி, செயலர், பொருளாளர் ஆகியோர் விவரம் அடங்கிய விண்ணப்பத்தைத் தலைமையாசிரியையிடம் தந்து பதிவு செய்யலாம்.

அடுத்தது வரவு செலவுத் திட்டம். ஆளுக்கு 20 ரூபாய் சந்தா எனில் வரவு 600 ரூபாய். விண்மீன் வரைபடங்களுக்கு 250, நிலாக் காணும் மாலைச் சிற்றுண்டிக்கு 300 போக, எதிர்பாராச் செலவுக்கு 50 ரூபாய் மிஞ்சும். இந்த மீதியைக் காட்டாத திட்டம் முதல் சிறு செலவிலேயே தடுமாறும்.

இனி நிகழ்ச்சிக்கு அனுமதி. தொலைநோக்கியில் நிலாவைக் காண முழுநிலவைவிட வளர்பிறை அரைநிலா நாளே ஏற்றது. அன்றுதான் பள்ளங்களின் நிழல் தெளிவாகத் தெரியும். பள்ளி நேரத்துக்குப் பின் நடப்பதால் இடம், நேரம், உடனிருக்கும் ஆசிரியையர், வீடு திரும்பும் ஏற்பாடு ஆகியவற்றைக் குறித்து, பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களையும் இணைக்க வேண்டும். மேகம் மூடினால்? மாற்று நாளாக மறுநாளையும் அதே விண்ணப்பத்தில் குறித்துவிட்டால், மீண்டும் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை.