நிழற்படத்தில் தோல்நிறத் திருத்தம்: ஒளிச் சீரமைப்பும் நிற மாற்றமும்

முன்னுரை

திருமணப் பேச்சிற்கென எடுக்கப்படும் நிழற்படம் ஸ்டுடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன் 'டச்சிங்' செய்யப்படுவது தமிழ்நாட்டில் இயல்பான வழக்கம். அவ்வாறு செய்யப்படும் திருத்தம் அனைத்தும் பொய் என்று ஒதுக்குவோரும் உளர். கருவி எடுத்த படமே உண்மை என்று கொள்வோரும் உளர். இரண்டு நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கருவி தோலின் நிறத்தை உள்ளபடி தருவதில்லை. ஆகவே திருத்தம் பல வேளைகளில் தேவைப்படுகிறது. எந்தத் திருத்தம் நேர்மையானது, எது நேர்மையற்றது என்பதை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். அது படத்திற்குள்ளேயே இருக்கிறது என்பதை ஒரு திருமணப் படத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கருவி செய்யும் பிழை

நிழற்படக் கருவியின் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று கருதிக்கொண்டே ஒளியின் அளவைத் தீர்மானிக்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பையே நடுத்தரச் சாம்பல் என்பர். மணமேடையில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் படச்சட்டத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்பொழுது, காட்சி மிகுந்த வெளிச்சம் உடையது என்று மானி ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பல் பூத்துத் தோன்றும். மாநிற முகமோ கருமைக்குள் அமிழும். இருண்ட திரைக்கு முன் நிற்பவரை எடுத்தால் இதற்கு நேர்மாறாக முகம் வெளுத்துப்போகும். இந்த இரண்டு படங்களிலும் காணும் நிறம் அந்த மனிதருடையதன்று.

படச்சுருள் காலத்திலும் நிலை இதுவே. தொடக்ககாலச் சுருள்களுள் சிவப்பு ஒளியை உணராத 'ஆர்த்தோகுரோமாடிக்' வகை பரவலாக வழங்கியது. பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்பின் பங்கே மிகுதி. அப்பங்கை உணராத சுருளில் தோல் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருமையாகவே பதியும். அக்காலத்து ஸ்டுடியோக் கலைஞர் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு அவ்விடத்தில் ஒளி புகுவதைத் தடுத்தார். அச்சில் அப்பகுதி வெளுத்தது. இக்கைவேலையை வெறும் அழகூட்டலாகக் கொள்வது முழுமையான மதிப்பீடு ஆகாது. அதில் ஒரு பங்கு, சுருள் செய்த பிழையைச் சரிசெய்தது. மறுபங்கு, கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையும் கடந்து வெளுக்கச் செய்தது. எது எவ்வளவு என்பதை அச்சை மட்டும் வைத்துக்கொண்டு பிரிப்பது கடினம். பின்னர் வண்ணப் படங்களின் காலத்தில், அச்சிடும் ஆய்வகங்கள் நிறச் சமநிலையை ஒப்பிடுவதற்குக் கோடாக் நிறுவனம் வழங்கிய மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். 'ஷெர்லி அட்டை' என்று வழங்கிய அம்மாதிரிக்குப் பொருந்துமாறு அச்சிடப்பட்ட படங்களில் கருமையான முகங்களின் நுட்பங்கள் மங்கின.

விகிதம் என்னும் அளவுகோல்

ஒரு காட்சியில் ஒளி கூடினாலும் குறைந்தாலும், ஒரே ஒளியில் நிற்கும் பொருள்களுக்கு இடையிலுள்ள விகிதம் மாறாது. நேர்மையான திருத்தத்தின் அடிப்படை இதுவே. வெள்ளை வேட்டி ஒளியில் 90 விழுக்காட்டைத் திருப்புகிறது என்றும், மணமகளின் மாநிற நெற்றி 9 விழுக்காட்டைத் திருப்புகிறது என்றும் கொள்வோம். இவ்விரண்டின் விகிதம் பத்துக்கு ஒன்று. விளக்கின் ஒளியைப் பாதியாக்கினாலும் அது பத்துக்கு ஒன்றாகவே இருக்கும்.

கணினியில் வழங்கும் 0 முதல் 255 வரையிலான அளவில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பொதுவான sRGB முறைப்படி, ஒளி சரியாக அமைந்த படத்தில் வேட்டி ஏறத்தாழ 243 என்றும் நெற்றி ஏறத்தாழ 85 என்றும் பதியும். மானி ஏமாந்து ஒளியைப் பாதியாகக் குறைத்திருந்தால் வேட்டி 179 ஆகவும் நெற்றி 60 ஆகவும் இறங்கும். இப்படத்தைப் பார்க்கும் பெற்றோர் 'பெண் கறுத்துவிட்டாள்' என்பர். அவர்கள் சொல்வது உண்மையே. இங்கு `Exposure` என்னும் அளவை ஒரு படி உயர்த்தினால் வேட்டி 243க்கும் நெற்றி 85க்கும் ஒருங்கே திரும்பும். முகம் வெளுத்தது, ஆயினும் எதுவும் பொய்யாகவில்லை. மேடை விளக்கின் மஞ்சள் சாயலை வேட்டியின் வெண்மையைக் கொண்டு நீக்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டிலும் திருத்தம் படம் முழுவதற்கும் பொதுவானது. அதற்கான சான்று தோலுக்கு வெளியே, வேட்டியில், இருக்கிறது.

இனி, வேட்டி 243இலேயே நிற்க, நெற்றி மட்டும் 118க்கு உயர்த்தப்படுகிறது என்று கொள்வோம். 118 என்பது நடுத்தரச் சாம்பலின் அளவு. அதாவது 9 விழுக்காடு திருப்பும் தோல் 18 விழுக்காடு திருப்புவதாகக் காட்டப்படுகிறது. பத்துக்கு ஒன்றாக இருந்த விகிதம் ஐந்துக்கு ஒன்றாகிவிட்டது. எந்த விளக்கும் இம்மாற்றத்தைச் செய்ய இயலாது. நிறமாற்றம் என்று நான் குறிப்பது இதையே.

இவ்வளவுகோலுக்கு வரம்புகள் உண்டு. கருவிகள் தாமே நிழலையும் வெளிச்சத்தையும் சற்று வளைத்தே பதிகின்றன; எனவே மேற்கண்ட எண்களை ஒன்றிரண்டு பிசகாமல் எதிர்பார்க்கலாகாது. முகமும் வேட்டியும் ஒரே கோணத்தில் ஒரே ஒளியைப் பெறவேண்டும். முகத்தின் மேல் பந்தல் நிழல் விழுந்திருந்தால் முகத்தை மட்டும் ஓரளவு வெளிச்சப்படுத்துவதும் நேர்மையானதே. அப்பொழுது அந்நிழலுக்குள் இருக்கும் பூவும் நகையும் சேர்ந்து வெளிச்சம் பெறவேண்டும் என்பதே நிபந்தனை.

தடயங்கள்

தோலை மட்டும் வெளுக்கும் வழிகளுள் எளியது, மென்பொருளில் `Orange` நிறத்தின் `Luminance` அளவை உயர்த்துவது. எந்த இனத்தவர் தோலாயினும் அதன் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியிலேயே அமைவதால், முகத்தைத் தனியே தேர்ந்தெடுக்காமலேயே இக்கருவி தோலைப் பற்றிக்கொள்ளும். ஆனால் தமிழ்நாட்டு மணமேடையில் அதே சாயலில் வேறு பலவும் உள்ளன. நெற்றிச் சந்தனம், மஞ்சள் தாலிக்கயிறு, பொன் நகை, கையிலிட்ட மருதாணி ஆகிய யாவும் தோலோடு சேர்ந்து வெளுக்கும். பொன் பித்தளையைப் போலவும், மருதாணி பல நாள் சென்று மங்கியதைப் போலவும் தோன்றினால், அப்படத்தில் கைவைக்கப்பட்டிருக்கிறது என ஐயுற இடமுண்டு.

இதை அறிந்த கலைஞர் முகத்தை மட்டும் வரைந்து தேர்ந்தெடுத்துத் திருத்துவார். அவ்வாறு செய்யும்பொழுது பிழை ஓரங்களில் வெளிப்படும். காதின் பின்புறம், வகிட்டில் தெரியும் தலைத்தோல், வளையல்களுக்கு இடையிலுள்ள மணிக்கட்டு, மாலைக்கு நடுவே தெரியும் கழுத்து ஆகியவை பழைய நிறத்திலேயே எஞ்சியிருக்கும். மோவாய்க்குக் கீழே விழவேண்டிய நிழலும் வெளுத்து, முகம் தட்டையாகும். நான் முதலில் பார்ப்பது காதைத்தான். அவசர வேலையில் காது எப்பொழுதும் மறக்கப்படுகிறது.

கருமையாக்கல்

வெளுப்பதைவிடக் கருமையாக்குவது அரிது. பெரும்பாலும் அதன் நோக்கமும் வேறு. 1994 ஜூன் 27 நாளிட்ட 'டைம்' இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை அட்டையில் வெளியிட்டது. ஓவியர் மாட் மஹுரின் அதைக் கருமையாக்கி, ஓரங்களை இருளச் செய்திருந்தார். அதே வாரம் 'நியூஸ்வீக்' இதழ் அதே படத்தைத் திருத்தாமல் அட்டையில் வெளியிட்டது. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியதால் வேறுபாடு அனைவருக்கும் தெரிந்தது. கறுப்பினத்தவர் ஒருவரைத் தீர்ப்புக்கு முன்பே கொடியவராகக் காட்டியதாகக் கடும் கண்டனம் எழுந்தது. இதழின் ஆசிரியர் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

ஓவியர் தம் கற்பனைக்கேற்பப் படத்தை மாற்றுவது தவறன்று. செய்தி இதழின் அட்டையில், காவல்துறைப் பதிவு என்று வாசகர் நம்பும் இடத்தில் அது வைக்கப்பட்டதே தவறு. இதைத் திருமணப் படத்தோடு ஒப்பிடலாம். வரவேற்பறைச் சுவரில் மாட்டும் படத்தை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. சாதகத்துடன் இணைத்து அனுப்பும் படத்தைச் சான்றாகவே கொள்கின்றனர்.

அழுத்தங்கள்

குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை அழகைப் பசலை உண்பதற்கு வருந்துகிறாள். மாமை, மாந்தளிரை ஒத்த நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்குவர்; பசலை அதை அழிக்கும் நிறமாற்றம். அங்கு நிறம் வெளிறுவது இழப்பு. 'மாநிறம்' என்னும் சொல் இன்றும் வழக்கிலிருக்கிறது. ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் அது 'சிவப்பு' என்பதற்குக் கீழ்ப்பட்ட படியையே குறிக்கிறது. அங்கு 'சிவப்பு' என்பது செந்நிறமன்று, வெளுப்பு. குறிப்பில் 'மாநிறம்' என்று எழுதக் கூசும் குடும்பம் 'சிவப்பு' என்று எழுதுகிறது. பின்னர் எழுதிய சொல்லுக்குப் பொருந்துமாறு படத்தைத் திருத்தவேண்டியதாகிறது. ஆகவே இத்திருத்தம் பல இடங்களில் கணினியில் தொடங்குவதில்லை, குறிப்பில் எழுதிய சொல்லில் தொடங்குகிறது.

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. அதே ஆண்டில் ஷாதி.காம் என்னும் திருமண இணையதளம், பயனர்களின் எதிர்ப்பையடுத்துத் தோல்நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை நீக்கியது. தேடும் கட்டம் நீங்கினாலும் படம் நீங்கவில்லை. முன்பு சொல்லால் நடந்த தெரிவு இப்பொழுது படத்தைப் பார்த்தே நடக்கிறது. இன்றைய கைபேசிகள் பலவற்றில் முகத்தை வெளுத்துக் காட்டும் அமைப்பு எவரும் கேளாமலே இயங்குவதால், திருத்தாத படத்தை அனுப்புபவரே மற்றவர்களைவிடக் கறுத்தவராகத் தோன்றும் நிலையும் உண்டு. அவ்வமைப்பு வெளுத்த படத்தை மீண்டும் மாநிறத்திற்குக் கொண்டுவருவதும் நேர்மையான கருமையாக்கலே.

இதற்கான விலையைத் தருபவர் பெரும்பாலும் திருத்தம் கேட்டவர் அல்லர். கேட்பது தாயோ தந்தையோ; பெண்பார்க்கும் நாளில் படத்தோடு ஒப்பிடப்படுபவள் மகள். அவளுடைய நிறத்தில் குறை எதுவும் இல்லாவிடினும், 85க்கும் 118க்கும் இடையிலுள்ள வேறுபாடு அன்று அவளுடைய குறையாகப் பேசப்படுகிறது. மணம் முடிந்த பின்னும் அவ்வேறுபாடு ஆல்பத்தில் தங்கிவிடுவதுண்டு. குழுப் படத்தில் மணமகளின் முகம் மட்டும் திருத்தப்பட, ஒரே நிறமுடைய அவளுடைய உடன்பிறந்தவள் அதே விளக்கொளியில் தன் நிறத்திலேயே அருகில் நிற்பாள்.