ஜெனரேற்றரை வீட்டுடன் பாதுகாப்பாக இணைத்தல்

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, இரு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றினால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு ஒளியேற்றியவர்கள் உண்டு. இது உயிராபத்தான வேலை. அந்த மின்சாரம் மீற்றர் வழியாக வீதிக்கும் ஓடும். வீதியிலுள்ள ட்ரான்ஸ்போமர் அதனைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திவிடலாம். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பியைத் தொடும் ஊழியர் உயிரிழக்க நேரும்.

இதற்குரிய பரிகாரம் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச். 2 கிலோவோல்ற்-அம்பியர் ஜெனரேற்றரும் ஒரு மின் இணைப்பும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஜெனரேற்றர் ஏறத்தாழ 8 அம்பியர் தரும். 32 அம்பியர், இரு துருவ, நடுவில் 'நிறுத்தம்' உள்ள சுவிட்சை மெயின் சுவிட்சுக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் இடையே பூட்ட வேண்டும். அது உயிர்க் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒன்றாக மாற்றும். இரண்டு மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கமாட்டா. இந்த வேலையைத் தகுதி பெற்ற வயர்மனே செய்யவேண்டும்.

பலர் கவனிக்காதது எர்த் ஆகும். சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் மின்சுருளின் எந்த முனையும் சட்டத்துடன் இணைக்கப்பட்டிருப்பதில்லை. அப்படியானால், பம்பின் உடலில் மின்சாரம் கசிந்தாலும் அது திரும்பிச் செல்லப் பாதை இல்லை. ட்ரிப் சுவிட்சும் விழாது. எனவே சட்டத்தை வீட்டு எர்த் கோலுடன் இணைப்பதோடு, சேஞ்ச்-ஓவரின் ஜெனரேற்றர் பக்கத்தில் ஒரு முனையை எர்த்துடன் கட்டி அதனையே நடுநிலையாக்க வேண்டும். முன்னரே உள்ளே கட்டப்பட்ட இயந்திரங்களும் உண்டு. கட்டவே கூடாதவையும் உண்டு. ஆகையால் வயர்மன் முதலில் கைநூலைப் பார்த்து, மீற்றரால் அளந்து அறியட்டும். எர்த் கோல் 4 அடியாவது, ஈரம் காயாத மண்ணில் இறங்கியிருக்க வேண்டும்.

ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மட்டும் நம்பவேண்டாம். எர்த் இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஜெனரேற்றர் ஓடும்போது, உயிர்க் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வயர்மன் தமது சோதனைக் கருவியை இணைத்துப் பார்க்கட்டும். 30 மில்லி-அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே விழுந்தால்தான் இணைப்புச் சரி.

மின்சாரம் நின்றதும் சுவிட்சை நடுவில் வையுங்கள். ஜெனரேற்றரை வெளியே, யன்னல்களுக்குத் தூரமாக இயக்குங்கள். புகை வீட்டினுள் புகுந்தால் உறக்கத்திலேயே கொல்லும். இயந்திரம் சீராக ஓடியபின் சுவிட்சை அதன் பக்கம் மாற்றுங்கள். பம்பு தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே அரைக் குதிரைவலுப் பம்பைத் தனியே, மற்றவற்றை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வீதியில் மின்சாரம் வந்ததும் முதலில் பாரங்களை நிறுத்தி, சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்திய பின்னரே மெயினுக்கு மாற்றுங்கள். இந்த ஒழுங்கை எழுதி, சுவிட்சுக்கு அருகே ஒட்டிவைத்தால் வீட்டிலுள்ள எவரும் பிழையின்றிச் செய்வர்.