மேனேஜர் சரி என்றார், சம்பளம் ஏன் குறைந்தது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊழியர் எண்ணும் தற்காலிக பாஸ்வேர்டும் கைக்கு வந்துவிடும். லீவு கேட்பது, பேஸ்லிப் எடுப்பது, கைக்காசு போட்டுச் செய்த செலவைத் திரும்பப் பெறுவது எல்லாம் இனி நிறுவனத்தின் எச்ஆர் போர்ட்டல் வழியாகத்தான். பாஸ்வேர்டை மாற்றியதும் முதலில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து, மேனேஜர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புதியவர்களுக்கு அங்கே சில சமயம் வேறொருவர் பெயர் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் லீவு விண்ணப்பமும் செலவுக் கணக்கும் அவரிடம் போய்த் தேங்கிவிடும். எச்ஆரிடம் சொல்லி அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

லீவு விஷயத்தில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் என்று மேனேஜரிடம் வாட்ஸ்அப்பில் கேட்கிறோம். அவரும் சரி என்கிறார். ஆனால் சம்பளம் போடும் பிரிவுக்கு அந்தச் செய்தி தெரியாது. போர்ட்டலில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதுதான் அவர்களுக்குக் கணக்கு. பல நிறுவனங்கள் மாதத்தின் இருபது தேதிகளில் ஒரு நாளைக் கட்-ஆஃப் என்று வைத்திருக்கின்றன. அதற்குள் ஒப்புதல் ஆகாத லீவு, சம்பளமில்லா நாளாகிவிடும். பேஸ்லிப்பில் அது LOP என்று வரும்.

ஓர் உதாரணம். மாதச் சம்பளம் 31,000 ரூபாய். அதில் பேசிக் 15,500. ஜூலையில் 31 நாள், எனவே ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஒரு நாள் லீவு கட்-ஆஃப் தேதிக்குள் ஒப்புதலாகவில்லை என்றால் மொத்தச் சம்பளம் 30,000 ஆகும். பேசிக்கும் 15,000 ஆகக் குறையும். முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் பிஎஃப் பிடிக்கும் நிறுவனமானால் 1,860 ரூபாய்க்குப் பதில் 1,800 பிடிப்பார்கள். ஆக, கையில் வருவது 940 ரூபாய் குறையும். சில நிறுவனங்கள் 30 நாளாலோ 26 நாளாலோ வகுப்பதால் இந்தத் தொகை மாறலாம்.

வங்கிக் கணக்கில் விழுந்த தொகையை மட்டும் பார்த்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. பேஸ்லிப்பை இறக்கிப் பாருங்கள். பல இடங்களில் அந்த பிடிஎஃப் கோப்பைத் திறக்க பான் எண்ணோ பிறந்த தேதியோ பாஸ்வேர்டாக இருக்கும். சம்பள நாட்கள், LOP நாட்கள் என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். தவறு இருந்தால் லீவைப் போர்ட்டலில் ஒப்புதல் வாங்கிவிட்டு, பேஸ்லிப்பையும் சேர்த்து எச்ஆருக்கு எழுதினால், பிடித்த தொகை பெரும்பாலும் அடுத்த மாதம் அரியர்ஸாக வரும். ஆனால் கணக்கில் லீவே மிச்சமில்லை என்றால் மேனேஜரின் ஒப்புதலும் உதவாது. மாதாமாதம் லீவு சேரும் முறை உள்ள இடங்களில் புதியவருக்கு முதல் மாதங்களில் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன் இருப்பைப் பாருங்கள்.

செலவுக் கணக்குக்கும் ஒப்புதல்தான் முக்கியம். கூடவே பில்லும் சரியாக இருக்க வேண்டும். வேலையாகக் கோயம்புத்தூர் போய் வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: விடுதி 2,400, சாப்பாடு 420, ஆட்டோ 380. மூன்றையும் 3,200 என்று ஒரே வரியில் போடாமல், தனித்தனி வரியாக, அந்தந்தத் தேதியோடும் பில்லோடும் பதியுங்கள். யுபிஐ ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைக் காட்டுமே தவிர எதற்காகப் போனது என்று காட்டாது. கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பக்கூடும். விடுதியில் அறை எடுக்கும்போதே நிறுவனத்தின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். அவை இருந்தால்தான் கட்டிய வரியை நிறுவனம் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். மெஷினில் வரும் பில்லின் எழுத்து வெயில் பட்டால் மங்கிவிடும், வாங்கிய உடனே படம் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு Save மட்டும் அழுத்தினால் விண்ணப்பம் Draft என்றே நிற்கும், யாருக்கும் போகாது. Submit அழுத்திய பிறகுதான் அது Pending ஆகும். மேனேஜர் பார்த்த பின் Approved ஆகும். செலவுக் கணக்கு அதன் பிறகும் கணக்குப் பிரிவைத் தாண்ட வேண்டும்.

வேலையை விட்ட பிறகு இந்த போர்ட்டல் பெரும்பாலும் திறக்காது. வங்கிக் கடனுக்கும் அடுத்த வேலைக்கும் கடைசி மூன்று மாத பேஸ்லிப் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு மாதமும் பேஸ்லிப்பை இறக்கி உங்கள் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் தேதி எது என்று முதல் வாரத்திலேயே கேட்டறிந்து, அதற்கு இரண்டு நாள் முன்பு உங்கள் லீவுகள் Approved ஆகிவிட்டனவா என்று பாருங்கள். ஆகாதவை இருந்தால் மேனேஜருக்கு அன்றே நினைவூட்டுங்கள்.