மூங்கிலா, பைப்பா? முதல் குழல் வாங்கும்முன்

புல்லாங்குழல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்பது, மூங்கில் குழல் வாங்குவதா, இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் பைப் குழல் போதுமா என்பதைத்தான். கூடவே ஒரு பயமும் வரும்: மழைக்காலத்தில் மூங்கில் வெடித்துவிடும் என்கிறார்களே? பயம் நியாயமானதுதான். ஆனால் காரணம் நேர் எதிரானது. ஈரம் ஏறுவதால் மட்டும் குழல் வெடிப்பது அரிது. ஏறிய ஈரம் வேகமாக இறங்கும்போதுதான் வெடிக்கிறது.

மூங்கில் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, விரியாது. குறுக்குவாக்கில்தான் அந்த வேலை நடக்கும். அதன் வெளித்தோலில் நார் நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். உட்புறம் சதைப்பற்றானது, சீக்கிரம் உறிஞ்சும். அரைமணி நேரம் ஊதினால் மூச்சின் ஈரத்தை உட்சுவர் குடித்து உப்புகிறது. வெளியே காற்றும் ஈரமாக இருந்தால் வெளித்தோலும் ஓரளவு இளகி ஈடுகொடுக்கும். அதே குழலை ஏசி அறையில் வைத்து ஊதினால் உள்ளே உப்பும், வெளியே காய்ந்து சுருங்கும். இரண்டும் சேர்ந்து வெளித்தோலை இழுக்க, நாரின் போக்கிலேயே நீளமாக ஒரு கீறல் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஈரக்காற்றில் இருந்த குழலை மார்கழியில் ஏசி அரங்குக்குக் கொண்டுபோகும்போதும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடும்போதும் நடப்பது இதுதான்.

மயிரிழைக் கீறல் கண்ணுக்குப் படாது, ஊதும்போது தெரிந்துவிடும். மேல்ஸ்தாயி நன்றாகப் பேசும். எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் கீழ்ஸ்வரம் மட்டும் காற்றாகப் போகும் அல்லது எகிறி மேலே தாவும். அப்படியானால் விரல்துளைகளை எல்லாம் மூடி, கீழ்முனையை உள்ளங்கையால் அடைத்து, வாய்த்துளை வழியாகக் காற்றை மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். குழல் உதட்டோடு ஒட்டி நின்றால் கசிவு இல்லை. நிற்கவில்லை என்றால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது ஒரு விரல் துளையைச் சரியாக மூடவில்லை. தொடக்கநிலையில் பெரும்பாலும் விரல்தான் காரணமாக இருக்கும், அதனால் குழலைக் குறை சொல்லும்முன் இந்தச் சோதனையை ஆசிரியரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சிறு கீறலில் உடனடிப் பசையை ஓடவிட்டு, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கினால் குழல் பல வருடம் ஓடும். வெடிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களில் நூல் கட்டித் தருகிற குழல் செய்வோர் உண்டு. அது அலங்காரத்துக்காக மட்டும் கட்டுவதல்ல.

ஊதி முடித்ததும் குச்சியில் சுற்றிய துணியால் உள்ளே துடைப்பது, மாதம் ஒருமுறை உட்புறத்தில் சில சொட்டு எண்ணெய் தடவுவது, துணிப்பையில் வைப்பது: மூங்கிலுக்கு வேண்டிய பராமரிப்பு இவ்வளவுதான். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும். நன்றாகப் பதப்படுத்தாத மூங்கிலில் வண்டு விழுந்து மாவாகக் கொட்டும்.

பிளாஸ்டிக் பைப்புக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. தண்ணீரில் கழுவலாம், மழையில் நனையலாம். வெயில் காரில் மட்டும் வைக்கக் கூடாது, சூட்டில் வளைந்துவிடும்.

சுருதி விஷயத்திலும் மூங்கிலின் மேல் ஒரு பழி உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைச் சொல்லி, மூங்கிலையே உயர்ந்ததாக வைக்கிறார். ஆனாலும் பொழுதுக்கு ஏற்ப அது மாறும், மரம் மாறாமல் நிற்கும் என்றும் குறிக்கிறார். கூர்மையான கவனிப்புதான். என்றாலும் நாம் கேட்கும் சுருதி மாற்றத்தில் பெரும்பங்கு குழலுக்குள் இருக்கும் காற்றுடையது. 25 டிகிரி அறையில் சுருதி சேர்ந்திருந்த குழலை 35 டிகிரி கூடத்தில் ஊதினால் ஏறக்குறைய 29 சென்ட் ஏறிவிடும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 100 சென்ட். ஆகவே இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதே காரணம் என்பதால் மூங்கில், பிளாஸ்டிக், வெள்ளி எதுவானாலும் அதே ஏற்றம் இருக்கும். சூட்டில் பைப் நீள்வதால் வரும் மாற்றம் ஓரிரு சென்ட்கூட இராது. எனவே ஊதத் தொடங்கும்முன் மூச்சால் குழலைச் சூடாக்குங்கள். பிறகும் மின்சாரச் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை என்றால், வாய்த்துளையை உதட்டுப் பக்கம் சற்றே உருட்டிச் சுருதியை இறக்குங்கள்.

உண்மையான வித்தியாசம் செய்முறையில் இருக்கிறது. ஒரு மூங்கிலின் உள்விட்டம் இன்னொன்றுக்கு வராது. ஒரே துண்டிலும் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகியிருக்கும். அதனால் செய்பவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையைச் சிறிதாகச் சுட்டு, ஊதிக் கேட்டுக் கேட்டே பெரிதாக்குகிறார். கை தேர்ந்தவர் செய்தால் பொன். திருவிழாக் கடையில் குவித்து வைத்திருப்பதில் சுருதியைத் தேடாதீர்கள். பைப்போ ஆலை அளவில் ஒரே சீராக வருகிறது. ஒரு முறை சரியான அளவு கிடைத்துவிட்டால் அதே வகைப் பைப்பில் அதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். நாமே செய்வதானால் டிரில்லால்தான் துளையிட வேண்டும். பிவிசி பைப்பைக் கம்பி காய்ச்சிச் சுட்டால் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

வாங்கும்போது கர்நாடகக் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடி மத்திய ஸட்ஜத்தை ஊதச் சொல்லி, கைப்பேசி டியூனரில் பாருங்கள். பிறகு அதே விரல்களில் தார ஸட்ஜம். உதாரணமாக, ஐந்து கட்டைக் குழலில் கீழ் ஸா சரியாக நிற்க, மேல் ஸா மட்டும் 20 சென்ட் தாழ்ந்தால், வாய்த்துளைக்கு அப்பால் உள்ள தக்கை தள்ளிப் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தக்கை இருக்க வேண்டிய தூரம் சுமாராகக் குழலின் உள்விட்டமே. ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மறுபடி ஊதிப் பார்க்கலாம். கணுவையே அடைப்பாகக் கொண்ட மூங்கில் குழலில் இந்த வசதி இல்லை. ஊதுபவர் கற்றவராக இருப்பது அவசியம். புதியவரின் மூச்சு தளர்ந்தாலும் மேல் ஸா தாழும்.

நாதம் பற்றிச் சொல்வதானால் பலருக்கும் ஏற்கச் சிரமமான ஒரு சோதனை இருக்கிறது. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் மெல்லிய வெள்ளி, கனத்த செம்பு, மரம் ஆகியவற்றில் உள்ளளவு மாறாத குழல்கள் செய்து, மறைவில் ஊதவைத்து, 1971இல் முடிவை வெளியிட்டார். கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எது என்று தெரியாமல் ஊதிய கலைஞர்களாலும் முடியவில்லை. அப்படியானால் பைப் குழல் ஏன் பல நேரம் சப்பென்று ஒலிக்கிறது? பெரும்பாலும் சுவர் மெல்லியதாக இருப்பதால்தான். மின்கம்பி செலுத்தும் மெல்லிய குழாயில் வாய்த்துளைக்கு ஆழம் போதாது, மூச்சு விளிம்பில் சரியாக மோதாமல் இரைகிறது. தடித்த தண்ணீர்ப் பைப் இதைவிட நல்லது. மெல்லியதுதான் கிடைக்கிறது என்றால், அதே பைப்பில் ஒரு துண்டை வெட்டி வாய்த்துளையின் மேல் ஒட்டிச் சேர்த்துத் துளையிட்டால் நாதம் திரளும். துளைகளின் உள்விளிம்பில் டிரில் விட்ட பிசிறையும் வழித்தெடுக்க வேண்டும். இதற்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. மூச்சின் நீர் பிளாஸ்டிக்கில் ஊறாமல் துளித்துளியாய் நின்று ஒலியைக் கலக்கும். வியர்த்த விரலும் வழுக்கும். துளையைப் பாதி திறந்து, விரலை உருட்டி எடுக்கும் கமகத்தில் மூங்கிலின் பிடிப்பு இங்கே இல்லை.

என் முடிவு இதுதான். ஸ்வரம் நிற்கப் பழகும் முதல் வருடத்துக்கு, ஆசிரியர் ஊதிப் பார்த்துச் சரி என்ற தடித்த பைப் குழல் ஒன்று போதும். கமகப் பயிற்சி தொடங்கும்போது, சுருதி பார்த்துச் செய்யத் தெரிந்தவரிடம் போய், உங்கள் ஆசிரியர் சொல்லும் கட்டையில் மூங்கில் குழல் வாங்கிக்கொள்ளுங்கள்.