புஜி மலை வேண்டாம், அந்த நீலம் மட்டும் போதும்

அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் வாசலில் குனிந்து கோலம் போடுகிறார். சிவப்புப் புடவை, காதில் கல்தோடு. இந்தப் புகைப்படத்தை ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ தோற்றத்தில் ஐந்து விநாடி வீடியோவாக்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படங்களையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து, “இந்தப் பாணியில் வேண்டும்” என்கிறார். தெருக்கோடியில் பனி மூடிய புஜி மலை எழுகிறது, திண்ணையோரம் அலை நுரைக்கிறது, பாட்டியின் முகமும் ஜப்பானிய முகமாகிவிடுகிறது. பாணியைக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டது!

இதற்குக் காரணம் உண்டு. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெட்கே மூவரும் பாணியைக் கணக்காக்கிக் காட்டினார்கள். ஓவியத்தில் எந்த நிறத்தோடு எந்தக் கோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டும் அவர்கள் அளந்தார்கள். எந்த இடத்தில் வருகிறது என்பதை விட்டுவிட்டார்கள். அதனால் வான்கோவின் சுழிகள் அவர்கள் ஊர் ஆற்றங்கரைப் புகைப்படத்தின் மேல் படிந்தபோதும் வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு வந்த கருவிகள் பல வேறு வழியில் வேலை செய்கின்றன. படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் சேர்த்துப் படித்த மாதிரி ஒன்று, மேற்கோள் படத்தை எண்களாலான சுருக்கமாக்குகிறது. அந்தச் சுருக்கத்தில் நீலமும் அலையும் மலையும் பாலில் சர்க்கரையாகக் கரைந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும்.

ஆகவே, பிரித்துக் கொடுக்கும் வேலை மனிதருடையது. முதலில் மேற்கோள் படத்தையே வெட்டலாம். 1831 வாக்கில் அச்சான அந்த மரச்செதுக்குப் படத்தில் மலையும் படகுகளும் இல்லாத ஒரு மூலையை, வெறும் வானமும் கொஞ்சம் நீரும் மட்டும் உள்ள துண்டை, எடுத்துக்கொண்டால் ஒழுகுவதற்குப் பொருளே இருக்காது. அடுத்து, பாணியைப் பெயர்ச்சொல் இல்லாமல் எழுத வேண்டும். ‘ஹொகுசாயின் அலை மாதிரி’ என்று எழுதினால் அலை வரும். ‘கருநீலக் கோட்டு ஓரம், தட்டையான நிறப்பரப்பு, பிரஷ்ய நீலமும் வெளிர்மஞ்சளும், நிழல் இல்லை, காகிதத்தின் சொரசொரப்பு’ என்று எழுதினால் அந்த அச்சின் தன்மை மட்டும் வரும்.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நிறம் பாணிக்கும் சொந்தம், ஆளுக்கும் சொந்தம். நீலம் எங்கும் பரவினால் சிவப்புப் புடவை என்ன ஆகும்? எதையும் சொல்லாமல் விட்டால் கருவி அதை ஊதாவாகவோ பழுப்பாகவோ மாற்றிவிடலாம். ‘புடவை சிவப்பாகவே இருக்க வேண்டும், நீலம் பின்னணிக்கும் கோடுகளுக்கும் மட்டும்’ என்று எழுதிவிடுவது நல்லது. மாறக் கூடாதவை எவை என்று முன்கூட்டியே குறித்து வைக்காதவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

நேராக வீடியோவுக்குப் போகாமல் முதலில் ஒரு அசையாப் படத்தைச் செய்துகொள்வதே மலிவான வழி. உதாரணமாக மிட்ஜர்னியின் ஏழாம் பதிப்பில் பாணிப் படத்துக்கு ஒரு குறியும், ஆளின் படத்துக்கு இன்னொன்றும் உண்டு:

```
--sref பாணிப்படம் --sw 60 --oref பாட்டிபடம் --ow 200
```

பாணியின் எடையான `--sw` 0 முதல் 1000 வரை போகும். சும்மா விட்டால் 100. மலை எட்டிப் பார்த்தால் அதைக் குறைக்க வேண்டும். முகம் மாறினால் `--ow` எண்ணை ஏற்ற வேண்டும், ஆனால் அளவோடு: ரொம்ப ஏற்றினால் புகைப்படத் தன்மை திரும்பி வந்து அச்சின் தட்டையைக் கெடுக்கும்.

அந்த அசையாப் படம் சரியாக அமைந்ததும் அதையே வீடியோவின் முதல் சட்டமாகக் கொடுக்கலாம். இப்போது எழுத வேண்டியது அசைவு மட்டுமே: ‘விரல்களுக்கிடையே மாவு விழுகிறது, கை இடமிருந்து வலமாக மெல்ல நகர்கிறது, கேமரா அசையவில்லை.’ புடவையையும் நீலத்தையும் மறுபடி விவரித்தால் கருவி அவற்றை மறுபடி கற்பனை செய்யத் தொடங்கலாம்.

கேமராவை நிறுத்தி வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. மரச்செதுக்குப் படத்தில் ஆழமும் நிழலும் குறைவு. கேமரா பாட்டியைச் சுற்றிவந்தால் கருவி முகத்துக்குக் கனம் கொடுத்தாக வேண்டும். கன்னத்தில் நிழல் விழும், தட்டையான நிறம் வழுவழுப்பாகும். விநாடிக்கு 24 சட்டம் என்றால் ஐந்து விநாடிக்கு 120 சட்டங்கள்; இந்தச் சறுக்கல் படிப்படியாக நடப்பதால் ஓடும்போது கண்ணுக்குப் படாது. முதல் சட்டத்தையும் கடைசிச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புடவைக் கரை, தோடு, விரல்களின் எண்ணிக்கை, விரல் போகும் முன்பே தரையில் முளைத்துவிடும் கோலக் கோடு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

காட்சி நீள வேண்டுமானால் கடைசிச் சட்டத்திலிருந்து தொடர்வது சுலபம்தான். ஆனால் அதுவரை சேர்ந்த பிழையும் கூடவே தொடரும். அதே இரண்டு மேற்கோள் படங்களைக் கொண்டு வேறு கோணத்தில் புதிய அசையாப் படம் செய்து, அங்கிருந்து அடுத்த துண்டைத் தொடங்கி, இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டினால் பாட்டி பாட்டியாகவே இருப்பார்.