எழுபது இடத்தில் ஓர் அழைப்பு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் சங்கத்துக்கு உறுப்பினர்கள் நானூறு சொச்சம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் வந்தால், அழைப்பு அனுப்பும் வேலை என் தலையில் விழும். இளையவர்களுக்குப் புலனக் குழு போதும். புலனத்தின் பக்கமே வராத மூத்தவர்களும் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் போனால் மனத்தாங்கல் வரும் என்று எல்லாருக்குமே குறுஞ்செய்தி அனுப்பிவிடுவோம். அது தமிழில்தான் போக வேண்டும் என்பது செயலாளர் அண்ணனின் பிடிவாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

“அன்புடையீர், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு சங்க மண்டபத்தில் நடைபெறவிருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

விரல்விட்டு எண்ணினால் தமிழ் எழுத்து எண்பது. “எண்பது எழுத்துத்தானே தம்பி, ஒரு செய்தியில் அடங்காதா?” என்றார். அடங்காது. கைப்பேசி நம்மைப் போல எண்ணுவதில்லை. அதற்கு ‘பு’ ஓர் எழுத்தல்ல; ப ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு இடம். ‘ன்’ என்றாலும் ன ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி அந்த எண்பது எழுத்து 142 இடம் பிடிக்கிறது. அதில் புள்ளிகள் மட்டும் 26. இடைவெளி, கால்புள்ளி, முற்றுப்புள்ளி, 9 என்ற எண் எல்லாம் சேர்த்தால் 158. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் இருப்பதோ 70 இடம். ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் புள்ளி வைக்காமலேயே காலம் தள்ளினார்கள். அவர்களிடம் கொடுத்திருந்தால் இருபத்தாறு இடம் அப்போதே மிச்சமாகியிருக்கும்.

இந்த ஊருக்குச் செய்தியைச் சுருக்குவது புதிதல்ல. 1870-இல் கடலடித் தந்திக் கம்பி சென்னையிலிருந்து நேரே பினாங்குக்குத்தான் வந்தது. இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனது. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் இருந்தவர்கள் ஊருக்குத் தந்தி கொடுத்தபோது சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. தந்தியில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை, ஆங்கில எழுத்துதான்.

கைப்பேசி வந்த பிறகும் நிலைமை அதேதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கையில் இருந்த பெட்டிக்குத் தமிழ் தெரியாது. யாராவது தமிழில் அனுப்பினாலும் திரையில் கட்டங்கள்தான் வரிசை கட்டி நிற்கும். ஆகவே `amma naan vanthutten` என்று ஆங்கில எழுத்தில் தட்டினோம். மலாய் நண்பர்கள் `tak` என்பதற்கு `x` போடுவதையும், இரட்டைச் சொல்லுக்கு `2` போடுவதையும் பார்த்து நாமும் `varum2` என்று எழுதிப் பார்த்ததுண்டு. திரையின் மூலையில் 160 என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அது ஒன்று ஒன்றாகக் குறையும்.

2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறனின் செல்லினம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்தது. தமிழ்க் குறுஞ்செய்தி என்ற ஒன்றை நான் முதலில் கையில் பிடித்தது அப்போதுதான். மகிழ்ச்சி ஒரு பக்கம். பிற்பாடு கைப்பேசிகள் தாமாகவே தமிழை ஏற்றபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் பாதி எழுதிவிட்டு நடுவில் ஒரே ஒரு ‘அ’ போட்டால் போதும், மூலையில் இருந்த எண் தடாலென்று சரியும். மொத்தக் கணக்கே 160-இலிருந்து 70-க்கு இறங்கிவிடும். அந்த ஒரு ‘அ’வை அழித்தால் திரும்ப ஏறும்.

காரணம் எளிது. ஒரு குறுஞ்செய்தியின் பை 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு. 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்துப் போதும் என்று முடிவுக்கு வந்தார். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டு வீதம் 160 எழுத்து அந்தப் பையில் கச்சிதமாக அமர்கிறது. அந்த 7 பிட்டு அட்டவணையில் இல்லாத எழுத்து ஒன்று வந்தாலும் செய்தி முழுவதும் எழுத்துக்கு 16 பிட்டு என்ற முறைக்கு மாறிவிடும். 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70.

ஆகவே “தமிழ் எழுத்து நிறைய இடம் பிடிக்கிறது” என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். `vaazhthugal` என்று அடித்தால் 11 எழுத்து. வாழ்த்துகள் என்று அடித்தாலும் 11 இடம்தான். நீளம் ஒன்றே. முன்னது 77 பிட்டு, பின்னது 176 பிட்டு. தமிழ் பெருத்துப் போகவில்லை, அதற்குக் கொடுத்த பெட்டிகள்தாம் பெரியவை. இதற்கு வழியும் காணப்பட்டிருக்கிறது. கைப்பேசித் தர நெறிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென 7 பிட்டு அட்டவணைகளைப் பின்னாளில் சேர்த்தது. அதன்படி அனுப்பினால் ஒரு செய்தியில் 155 தமிழ் இடம். அண்ணனின் வாசகத்தில் ‘அன்புடையீர்’ ஒன்றை எடுத்தாலே அது அடங்கியிருக்கும். ஆனால் அனுப்பும் பக்கம், வாங்கும் கைப்பேசி இரண்டுக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். நான் அனுப்பிய எந்தச் சேவையிலும் அது இருந்ததில்லை. எழுபதோடுதான் குடித்தனம்.

இன்று இந்த ஊரில் மொத்தமாக அனுப்பும் செய்திக்கு இன்னொரு வரியும் உண்டு. வாங்குபவருக்குக் கட்டணம் இல்லை என்று காட்ட, தலைப்பில் `RM0.00` ஒட்டிக்கொண்டு வரும். இடைவெளியோடு 7 இடம். ஆங்கிலச் செய்திக்கு அது கொசுக்கடி. தமிழுக்கு எழுபதில் ஏழு, பத்தில் ஒரு பங்கு. மிச்சம் 63.

70-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? செய்தி துண்டாகும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்பு ஒவ்வொன்றிலும் 6 பைட்டு பிடிப்பதால் துண்டுக்கு 67 இடம்தான். அண்ணனின் 158-உம் முன்னொட்டு 7-உம் சேர்த்து 165. மூன்று துண்டு, மூன்று கட்டணம். துண்டுகளை ஒட்டத் தெரியாத பழைய கைப்பேசியில் அது எப்படித் தெரியும் என்று அவருக்கு எழுதிக் காட்டினேன். 67-ஆம் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் முதல் துண்டு “சங்க மண” என்று முடியும். ‘ண்’ணின் புள்ளி அடுத்த துண்டின் தொடக்கத்துக்குப் போய், உட்கார எழுத்தில்லாமல் வெற்று வட்டத்தின்மேல் நிற்கும். மூன்றாம் துண்டில் வருவது “று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.” அவ்வளவுதான். மூன்றாவது கட்டணம் முழுவதும் மரியாதைக்கு.

அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். முதலில் போனது ‘அன்புடையீர்’. கால்புள்ளி, இடைவெளியோடு 13. ‘ஞாயிற்றுக்கிழமை’ 15 இடம், ‘ஞாயிறு’ ஆறு. ‘வருகின்ற’ என்பதைவிடத் தேதி போட்டால் தெளிவு, இடமும் குறைவு. ‘மணிக்கு’ வேண்டியதில்லை. தமிழில் உண்மையான மிச்சம் வேற்றுமை உருபிலும் வினைமுற்றிலும் இருக்கிறது. ‘மண்டபத்தில்’ 11, ‘மண்டபம்’ 7. ‘நடைபெறவிருக்கும்’ ஒன்றே 16, சொல்லாமலே விளங்கும். உயிர்க்குறியைத் தின்பதோ புள்ளியை விழுங்குவதோ கூடாது. முழுச் சொல்லாகத்தான் வெட்ட வேண்டும். ‘பொது’வையும் வெட்டலாமா என்றேன். அண்ணன் விடவில்லை. வெறும் ‘கூட்டம்’ என்றால் செயலவைக் கூட்டம் என்று நினைத்து வராமல் இருந்துவிடுவார்களாம். நியாயம்தான். கடைசியில் நின்றது:

“ஆண்டுப் பொதுக்கூட்டம்: ஞாயிறு 15/6, காலை 9, சங்க மண்டபம். வருக.”

எண்ணிப் பார்த்தேன், 63. முன்னொட்டோடு சரியாக 70. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை, ஒரு புள்ளிகூட மிகையில்லை. கோலம் போட்டு முடித்தாற்போல ஒரு நிறைவு.

பட்டியல் வந்தபோது நானூறுக்குப் பதில் எண்ணூறு செய்திக்குக் கட்டணம். சேவைக்காரர்களோடு சண்டைக்குப் போகுமுன் நல்லவேளை வாசகத்தை மறுபடி திறந்தேன். தப்பு என்னுடையது. ‘பொதுக்கூட்டம்’ என்ற சொல்லைப் பழைய கோப்பு ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தேன். யூனிகோடில் ‘பொ’வை இரண்டு வகையாக எழுதலாம். ப-வோடு ஒகரக் குறி ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டு இடம். ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று வந்தால் மூன்று இடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். என் கோப்பில் இருந்தது மூன்று இடத்து ‘பொ’. எழுபது எழுபத்தொன்றானது, எழுபத்தொன்று இரண்டு துண்டானது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘பொ’வுக்கு அடுத்து நின்று அழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். ‘ப’ மிஞ்சினால் நல்லது. ‘பெ’ மிஞ்சினால் அது மூன்று இடத்துக்காரன். அழித்துவிட்டுக் கையாலேயே மறுபடி தட்டுங்கள். ஒ, ஓ, ஔ ஏறிய எல்லா எழுத்துக்கும் இதே சோதனைதான்.

கூட்டத்துக்கு ஆள் வந்தது. வந்தவர்களில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏதோ அஞ்சு நம்பர்லேர்ந்து வந்துச்சுய்யா. எந்தச் சங்கம்னு போடலியே? எம் பேரன்தான் தேதிய வெச்சுக் கண்டுபிடிச்சான்.” வாஸ்தவம். செய்தி ஐந்திலக்க எண்ணிலிருந்து போகிறது. அதில் எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. விவரங்களுக்கு இணைய முகவரியைத் தரலாம் என்றால் அதுவும் ஆகாது. மோசடிக்கு அஞ்சி 2023-இலிருந்து குறுஞ்செய்தியில் இணைப்புகளைத் தடுக்கிறார்கள்.

அடுத்த அழைப்புக்கு ‘வருக’வை எடுத்துவிட்டேன். இடைவெளி, முற்றுப்புள்ளியோடு ஆறு இடம் விடுபட்டது. சங்கப் பெயரின் முதலெழுத்து மூன்றையும் ஓர் இடைவெளியையும் முன்னால் வைத்தேன். கணக்கு 68. அழைப்பிலே அழைப்பே இல்லையே என்று அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. மீதி இருக்கும் இரண்டு இடத்தில் ஏதாவது போடேன் என்றார். இரண்டு இடத்தில் ‘வா’ மட்டும்தான் கொள்ளும். எழுபது வயதுக்காரர்களை அப்படிக் கூப்பிட முடியாது என்று விட்டுவிட்டோம்.